பழுத்த சொல்லும் போணிச் சொல்லும்

ஸ்பெயினின் தெற்கே உள்ள செவில்யா நகரத்தில் ஈஸ்டருக்கு முந்தைய வாரம் குருத்தோலை ஞாயிறன்று தொடங்கும். அன்றைக்கு உடம்பில் புதிதாக ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். முழு உடுப்பு வாங்க வசதியில்லாதவர்கள் ஒரு ஜோடி காலுறையாவது புதிதாக மாட்டிக்கொள்வார்கள். அன்று எஸ்த்ரெனார் செய்யாதவனுக்குக் கையே கிடையாது என்று ஒரு பழமொழி ஸ்பெயின் முழுக்க வழங்குகிறது. பழமொழியில் சட்டை என்றோ செருப்பு என்றோ எதுவும் வராது. வினைச்சொல் மட்டுமே வரும். புதியதை முதன்முறையாகப் பயன்படுத்துவது என்ற பொருளை அந்த ஒரே சொல் சுமந்துகொள்கிறது.

அதே வாரம் வியாழன் இரவு ஊரே தெருவில் நிற்கும். நள்ளிரவுக்குப் பிறகு ஆறு பக்திச் சபைகள் தங்கள் கிறிஸ்து சிலைகளையும் மாதா சிலைகளையும் தோளில் சுமந்து புறப்படும். மக்கரேனா மாதாவும் த்ரியானா மாதாவும் வீதியில் வருவது அந்த இரவில்தான். அந்த இரவுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் லா மத்ருகா. நள்ளிரவிலிருந்து விடியும் வரையிலான பொழுதைக் குறிக்கும் மத்ருகாதா என்ற சொல்லைத் தென் ஸ்பெயின் நாக்கு வால் நறுக்கிச் சொல்கிறது. அந்தப் பெயர்ச்சொல்லுக்குத் தாய் மத்ருகார் என்ற வினைச்சொல். அதிகாலையில் எழுவது என்று பொருள். ஆனால் லா மத்ருகா இரவில் அதிகாலையில் எழுபவர் யாரும் கிடையாது. எழுவதற்கு முதலில் தூங்கியிருக்க வேண்டுமே!

ஸ்பானிய மொழியைப் படிக்கத் தொடங்கும் வெளிநாட்டவர் வியந்து குறித்துக்கொள்ளும் சொற்களில் இவ்விரண்டும் தவறாமல் இருக்கும். ஒரு வாக்கியத்தை ஒரு சொல்லுக்குள் எப்படி அடைத்தார்கள் என்று கேட்பார்கள். உண்மையில் யாரும் எதையும் அடைக்கவில்லை. ஒன்றில் பழத்தின் பொருள் உதிர்ந்து அவசரம் மட்டும் எஞ்சியது. மற்றொன்றில் தேவதையும் பரிசும் உதிர்ந்து முதல் என்பது மட்டும் எஞ்சியது. இன்று கச்சிதம் போலத் தெரிவது, உதிர வேண்டியதெல்லாம் உதிர்ந்த பின் நின்ற மிச்சம்.

முதலில் மத்ருகாருக்குள் இருந்த பழத்தின் கதை.

இலத்தீனில் மாத்தூருஸ் என்றால் பழுத்தது. ஸ்பானியத்தில் பழுத்த பழத்துக்கு இன்றும் வழங்கும் மதூரோ அதன் நேர் வாரிசு. பழுப்பது என்றால் உரிய காலத்தை எட்டுவது. அதனால் உரிய காலத்தில் நடப்பது எதுவும் மாத்தூருஸ் ஆனது. இதிலிருந்து பிறந்த மாத்தூராரே என்ற வினைக்குப் பழுக்க வைத்தல் என்ற பொருளோடு, காரியத்தைத் தாமதிக்காமல் முடித்தல் என்ற பொருளும் சேர்ந்தது. தாமதிக்காமல் என்பதற்கும் அவசரமாக என்பதற்கும் இடைவெளி மெலிது. பேசுகிற சனங்கள் அந்த இடைவெளியைச் சீக்கிரமே தாண்டிவிட்டார்கள்.

தாண்டியதைக் கண்டு வருந்திய ஒருவரை நமக்குத் தெரியும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவுலுஸ் கெல்லியுஸ் என்ற ரோமானியர், படித்ததையும் கேட்டதையும் குறித்துவைத்து ‘அத்திக்கா இரவுகள்’ என்ற பெயரில் ஒரு தொகுப்பு நூல் எழுதினார். அதன் பத்தாம் பகுதியில் இந்தச் சொல்லுக்காக ஒரு சின்ன அத்தியாயத்தையே ஒதுக்கியிருக்கிறார். இப்போதெல்லாம் சொல்லின் இயல்புக்கு மாறாக இதை ‘விரைவாக’ என்ற பொருளில் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர் குறை. அவர் சாட்சிக்கு அழைப்பவர் நிகிதியுஸ் ஃபிகுலுஸ் என்ற பழைய அறிஞர். அதிகம் முந்தாமலும் அதிகம் பிந்தாமலும் நடுவில் நடப்பதே இந்தச் சொல்லின் பொருள் என்று அவர் வரையறுத்திருந்தார். நிதானமாக விரைந்து செய் என்று பேரரசர் அகஸ்தஸ் கிரேக்க மொழியில் அடிக்கடி சொல்வாராம். அதற்கு இலத்தீனில் பொருத்தமான சொல் இதுதான் என்று கெல்லியுஸ் எடுத்துக்காட்டுகிறார். நல்ல வாதம்தான். ஆனால் தெருவில் பேசுகிறவன் இலக்கணப் புத்தகம் படித்துவிட்டா வாய் திறக்கிறான்? கெல்லியுஸ் பிழை என்று சொன்ன பொருள்தான் பிழைத்தது. ஸ்பெயினில் அது விடியற்காலைக்கே போய் உட்கார்ந்துகொண்டது.

எப்படிப் போய் உட்கார்ந்தது என்பதற்கு எழுத்துச் சான்றில் நடுவே ஒரு கண்ணி குறைகிறது. மாத்தூராரேயிலிருந்து மத்ருகாருக்கு நேரே வர முடியாது. நடுவே மாத்தூரிக்காரே என்று ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கல்லிலோ தோலிலோ எழுதி வைக்கவில்லை. எழுத்தில் கிடைக்காத, ஆனால் இருந்தே தீர வேண்டிய இப்படிப்பட்ட சொற்களுக்கு மொழியியலாளர்கள் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். ஸ்பானிய அகராதிகளில் மத்ருகாரின் பிறப்பைத் தேடினால் நட்சத்திரம் தாங்கிய இந்தச் சொல்லைப் பார்க்கலாம்.

கண்ணால் பார்க்காததை இருந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இதே பாதையில் நடந்து வந்த வேறு சொற்கள் எழுத்தில் கிடைத்திருப்பதால்தான். குதிரை ஏறிப் போவதற்குப் பிற்கால இலத்தீனில் கபால்லிக்காரே என்றார்கள். ஸ்பானியத்தில் அது கபல்கார் ஆனது. வண்டியில் சுமை ஏற்றும் கார்ரிக்காரே, கார்கார் ஆனது. இரண்டிலும் நடந்தது ஒன்றே. அழுத்தமில்லாத இகரம் விழுந்தது. உயிர்களுக்கு நடுவே நின்ற வல்லின ககரம் மெலிந்தது. கடைசி ஏகாரம் கழன்றது. இதே விதிகளை மாத்தூரிக்காரேயின் மேல் போட்டுப் பாருங்கள். உயிர்களுக்கு நடுவே நிற்கும் வல்லின தகரமும் மெலிய வேண்டும். கிடைப்பது மதுர்கார். பழைய ஸ்பானியத்தில் இருந்ததும் சரியாக இந்த மதுர்கார் வடிவம்தான். கணக்கில் வந்த விடையும் எழுத்தில் உள்ள வடிவமும் பொருந்திவிட்டால் நட்சத்திரச் சொல்லை நம்பலாம்.

மிச்சமிருப்பது ஒரு சின்னத் தாவல். மதுர்கார் என்பதில் உகரத்துக்குப் பின்னால் நின்ற ரகரம் அதைத் தாண்டி முன்னால் வந்தது. மத்ருகார் பிறந்தது. எழுத்துகள் இப்படி இடம் மாறி நிலைத்துவிடுவதை நம் இலக்கணம் இலக்கணப்போலி என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. தசை சதை ஆனது அப்படித்தான். மதுரையைக் கிராமத்தில் மருதை என்பவர்களுக்கு இந்த ரகரத் தாவலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. விடியல் என்ற பொருள் இந்தச் சொல்லுக்கு முற்றிலும் வெளியிலிருந்து வந்ததாகவும் சொல்ல முடியாது. ரோமானியர்களுக்கு மாத்தூதா என்று ஒரு விடியல் தேவதை இருந்தாள். ஜூன் 11ஆம் தேதி அவளுக்கு விழா. காலைக்குரியது என்று பொருள்படும் மாத்தூத்தினுஸ் அவள் பெயரோடு உறவுள்ளது. அவள் பெயரையும் மாத்தூருஸையும் ஒரே வேரில் வைத்துப் பார்க்கும் வழக்கம் சொற்பிறப்பியலில் உண்டு. அப்படியானால் உரிய பொழுது என்ற வேரிலிருந்து ஒரு கிளை விடியலுக்கும் ஒரு கிளை பழத்துக்கும் போனது. பழத்துக்குப் போன கிளை பல நூற்றாண்டு சுற்றிவிட்டு ஸ்பெயினில் மறுபடியும் விடியலில் வந்து சேர்ந்திருக்கிறது.

ஐபீரியத் தீபகற்பத்துக்கு வெளியே இந்தப் பயணம் நடக்கவில்லை. போர்த்துகீசியத்திலும் கலீசிய மொழியிலும் மத்ருகார் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் கத்தலான் மொழி காலை என்ற சொல்லையே வினையாக்கி மத்தினார் என்று வைத்துக்கொண்டது. இத்தாலிய மாத்துராரே இன்னும் பழத்தோடுதான் இருக்கிறது.

இனிப் பொருளுக்கு வருவோம். மத்ருகார் எத்தனை மணிக்கு எழுவது? கடிகாரத்தில் அதற்கு இடமே கிடையாது. அடுப்பு மூட்டப் பின்னிரவில் எழும் ரொட்டிக்காரர் நாளைக்கு மத்ருகார் செய்ய வேண்டும் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார். அவருக்கு அது அன்றாடம். பத்து மணி வரை தூங்கும் கல்லூரி மாணவன் எட்டு மணிக்கு எழ நேர்ந்தால் அதே சொல்லைச் சொல்லிப் புலம்புவான். வழக்கத்தை விட முந்தி, தூக்கத்தை நறுக்கிக்கொண்டு, ஒரு காரியத்துக்காக எழ வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சொல் சரியாகப் பொருந்தும். இரவெல்லாம் விழித்திருந்தவன் நாலு மணிக்கு விழித்திருப்பது கணக்கில் வராது. அதற்கு, மத்ருகாரின் எதிர்ச்சொல்லாக, த்ரஸ்நோச்சார் என்று இன்னொரு வினை இருக்கிறது. இரவைக் கடப்பது என்று பொருள். செவில்யாவில் வியாழன் இரவு நடப்பது அதுதான். பெயர்ச்சொல் வினையை விட்டுப் பிரிந்து வெறும் பொழுதின் பெயராகிவிட்டதால்தான், மத்ருகாதா முழுக்கத் த்ரஸ்நோச்சார் செய்ய முடிகிறது.

கொஞ்சம் மிகையாக எழுந்துவிட்டால் மத்ருகோன். ஐந்து மணி விமானத்துக்காக இரண்டு மணிக்கு எழுந்தவர், ஒரு மத்ருகோனைத் தன் மேலேயே அடித்துக்கொண்டதாகச் சொல்வார். வழக்கமாக அதிகாலையில் எழுபவர் மத்ருகதோர். 1605இல் வந்த ‘தோன் கிஹோத்தே’ நாவலின் முதல் அத்தியாயத்தில் கதாநாயகனைச் செர்வாந்தெஸ் அறிமுகப்படுத்தும்போது, ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடல், வேட்டைப் பிரியம் ஆகியவற்றோடு பெரிய மத்ருகதோர் என்பதையும் சேர்த்திருக்கிறார். அந்த ஆள் ராத்திரி பூராவும் புத்தகம் படித்து மூளை வறண்டு போனதாகவும் அதே அத்தியாயம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியமில்லை. இன்று கால்பந்து வர்ணனையாளர்கள் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே விழும் கோலையும் மத்ருகதோர் என்கிறார்கள்.

கோலுக்கும் காலைக்கும் என்ன தொடர்பு? அங்கேதான் இந்த வினையின் இரண்டாம் வாழ்க்கை தொடங்குகிறது. முந்தி எழுபவன் மற்றவனை முந்துகிறான். எதிராளி அசருமுன் காரியத்தை முடித்துவிடுவதும் மத்ருகார்தான். இந்தப் பொருளை மெக்சிகோ தனக்கென்று எடுத்துக்கொண்டது. அந்தக் கதையைச் சொல்லுமுன் இரண்டாவது சொல்லின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ரோம் நகரத்தில் ஸ்த்ரேனியா என்றொரு தேவதைக்குச் சின்னக் கோயிலும் தோப்பும் இருந்தன. ஊரின் புனித வீதி தொடங்கும் முனையில் அந்தக் கோயில் இருந்ததாக ரோமானிய அறிஞர் வார்ரோ குறித்திருக்கிறார். கி.பி. 384இல் ரோமின் நகர ஆளுநராக இருந்த சிம்மாக்குஸ் ஒரு பழங்கதையைச் சொல்கிறார். ரோமுலுஸ் காலத்து மன்னர் தித்துஸ் தாத்தியுஸ், புத்தாண்டுக்குச் சகுனமாக அந்தத் தோப்பிலிருந்து பசுங்கிளைகளைப் பெற்றுக்கொண்டார். அதிலிருந்துதான் புத்தாண்டுப் பரிசுக்கு ஸ்த்ரேனா என்ற பெயர் வந்தது. மன்னர் இருந்தாரா என்பதே ஐயம் என்பதால் கதையைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். பரிசும் அதன் பெயரும் மட்டும் உறுதி. முதல் நாளில் கைக்கு வருவது நல்லதாக இருந்தால் ஆண்டு முழுவதும் நல்லதே வரும் என்ற நம்பிக்கைதான் ஸ்த்ரேனாவின் உயிர். சித்திரை முதல் நாள் பெரியவர்கள் கையில் வைக்கும் கைவிசேடத்தின் நம்பிக்கையும் இதுவே என்பதை யாழ்ப்பாணத்திலும் நாகர்கோவில் பக்கமும் உள்ளவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

கிளையாகத் தொடங்கியது நாளடைவில் இனிப்பாயிற்று. பேரீச்சம்பழம், வற்றல் அத்தி, வெள்ளை ஜாடியில் தேன். கவிஞர் ஓவிட் தன் விழாக்காலக் காவியத்தில் இந்தப் பரிசுகளின் காரணத்தை ஜானுஸ் தெய்வத்திடமே கேட்கிறார். சுவை தொடர வேண்டும் என்பதற்காக என்று பதில் வருகிறது. சரி, காசு எதற்குக் கொடுக்கிறார்கள் என்று அடுத்துக் கேட்டதும் தெய்வம் சிரித்துவிடுகிறது. கையில் விழும் காசைவிடத் தேன் இனிக்கும் என்று நினைக்கும் நீ எந்தக் காலத்தில் வாழ்கிறாய் என்று கேட்கிறது.

அந்தக் காசு அரண்மனை வரை போனது. மூன்று பேரரசர்கள் ஸ்த்ரேனாவை எப்படி நடத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் எழுதியிருப்பதைப் படித்தால் மூவரின் குணமும் தெரிந்துவிடும். அகஸ்தஸ் ஊரில் இல்லாவிட்டால்கூட சனவரி முதல் நாளன்று எல்லா வகுப்பு மக்களும் அவருக்கான ஸ்த்ரேனாவைக் கபித்தோல் குன்றில் கொண்டுபோய் வைப்பார்கள். அந்தப் பணத்தில் விலையுயர்ந்த தெய்வச் சிலைகளை வாங்கி நகரத்தின் ஒவ்வொரு பேட்டையிலும் அவர் நிறுவினார். திபேரியுஸ் முதலில் வாங்கியதைப் போல நாலு மடங்கு திருப்பிக் கொடுத்தார், அதுவும் தன் கையாலேயே. ஆனால் முதல் நாளன்று பார்க்க முடியாதவர்கள் மாதம் முழுக்க வந்து தொந்தரவு செய்ததில் சலித்து அந்த வழக்கத்தை விட்டுவிட்டார். முதல் நாளுக்குப் பிறகு ஸ்த்ரேனா பரிமாறக் கூடாது என்று ஆணையும் போட்டார். அடுத்து வந்த கலிகுலாவுக்கு வெட்கமே இல்லை. மகள் பிறந்ததும் செலவு கூடிவிட்டது என்று அழுது, புத்தாண்டில் ஸ்த்ரேனா வாங்குவேன் என்று அறிவித்து, அரண்மனை முகப்பில் தானே நின்றுகொண்டார். எல்லா வகுப்பு மக்களும் கை நிறைய, மடி நிறையக் கொண்டுவந்து கொட்டிய காசைப் பெற்றுக்கொண்டார்.

கிறிஸ்தவம் வந்ததும் ஆயர்களுக்கு இந்தப் பழக்கம் பிடிக்கவில்லை. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்தீன் தன் சனவரி முதல் நாள் மறையுரையில், மற்றவர்கள் ஸ்த்ரேனா கொடுக்கட்டும், நீங்கள் தர்மம் கொடுங்கள் என்ற பொருளில் சனங்களைத் தடுத்துப் பார்த்தார். சனங்கள் தேவதையை மறந்தார்கள், பரிசை மறக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் எத்ரேன் என்ற பெயரில் இன்றும் புத்தாண்டை ஒட்டித் தபால்காரருக்கும் கட்டடக் காவலருக்கும் காசு கொடுக்கிறார்கள். இத்தாலியில் ஸ்த்ரென்னா கிறிஸ்துமஸ் பரிசாகிவிட்டது.

ஸ்பெயினில் கதை வேறு பக்கம் திரும்பியது. முதலில் உச்சரிப்பு. சகரத்தோடு இன்னொரு மெய் சேர்ந்து சொல் தொடங்கினால் ஸ்பானிய நாக்குக்கு ஆகாது. முன்னால் ஓர் எகரம் போட்டுக்கொள்ளும். நாம் இஸ்கூல் என்பதைப் போலத்தான். ஸ்த்ரேனா, எஸ்த்ரேனா ஆனது. அதிலிருந்து எஸ்த்ரெனார் என்ற வினை பிறந்தது. அதன் பழைய பொருள் பரிசு கொடுத்தல், வெகுமதி அளித்தல். அகராதிகள் இந்தப் பொருளை வழக்கொழிந்தது என்ற குறிப்போடு இன்னும் வைத்திருக்கின்றன. பரிசுக்கு அகினால்தோ என்ற வேறு சொல் புழக்கத்துக்கு வந்து எஸ்த்ரேனாவை ஓரங்கட்டியது. வேலை போன வினைச்சொல் சகுனத்தில் ஒட்டியிருந்த ‘முதல்’ என்பதைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது.

பரிசுக்கும் முதல் பயன்பாட்டுக்கும் இடையிலான பாலம் சந்தையில் கிடைக்கிறது. எஸ்த்ரெனார்சே என்று தன்னைக் குறிக்கும் வடிவத்துக்கு, வியாபாரி அன்றைய முதல் விற்பனையைச் செய்வது என்றொரு பொருள் உண்டு. அதாவது போணி. பிரெஞ்சு எத்ரேனுக்கும் இதே பொருள் இருந்தது. ஆண்டின் முதல் காசு ஆண்டுக்குச் சகுனம் என்றால், நாளின் முதல் காசு நாளுக்குச் சகுனம். முதலில் வருபவர் பேரம் பேசாமல் வாங்கிப் போனால் வியாபாரம் ஓடும் என்று எதிர்பார்க்கும் எந்தக் கடைக்காரருக்கும் இந்தப் பாலம் புரியும். ஆண்டு நாளாகச் சுருங்கியது போல, நாள் ஒரு பொருளாகச் சுருங்கியது. ஒரு சட்டையின் முதல் நாள், ஒரு வீட்டின் முதல் இரவு. தேவதையும் காசும் போய்விட்டன. ஆனாலும் குருத்தோலை ஞாயிறன்று புதுக் காலுறை மாட்டாதவனுக்குக் கையில்லை என்ற பழமொழிக்குள் சகுனத்தின் நிழல் இன்னும் கிடக்கிறது. வெனிசுவேலாவில் டிசம்பர் 24க்கும் 31க்கும் குழந்தைகளுக்கு எடுக்கும் புதுத்துணிக்குப் பெயரே எஸ்த்ரேனோ. தீபாவளித் துணி போல அதுவும் அந்த நாளுக்கு முன்னால் போடக் கூடாத துணி.

பிரெஞ்சு எத்ரெனேயும் போர்த்துகீசிய எஸ்த்ரெயாரும் இதே வேலையைச் செய்கின்றன. ஆகவே இது ஸ்பானியத்தில் மட்டும் உள்ள அதிசயம் என்பவர்கள் அக்கம்பக்கத்தைப் பார்க்காதவர்கள். ஸ்பானியம் அதிகமாகச் செய்தது, சொல்லை எட்டுத் திசையிலும் அனுப்பியதுதான். புது வேலை, புது அதிபர், புது ஆண்டு எல்லாவற்றையும் எஸ்த்ரெனார் செய்யலாம். யாரும் குடியேறாத புதுக் குடியிருப்பை விற்கும் விளம்பரங்களில் ‘ஆ எஸ்த்ரெனார்’ என்று போடுவார்கள். முதல் ஆளாக நீங்களே குடிபோகலாம் என்று பொருள். எல்லை ஒன்று மட்டும் உண்டு. தொடர்ந்து பயன்படுத்தப் போகும் பொருளாக இருக்க வேண்டும். கூடையிலிருந்து ஆப்பிளை எடுத்துக் கடிப்பதற்கு யாரும் இந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டார்கள். கடித்தால் தீர்ந்துவிடுகிறதே, முதல் என்று சொல்ல இரண்டாவது எங்கே?

நாடகத்துக்கு முதல் உண்டு, இரண்டாவதும் உண்டு. அதனால் அரங்கேற்றம் எஸ்த்ரேனோ ஆயிற்று. பிறகு திரைப்பட வெளியீடும் ஆயிற்று. கவிஞர் லோர்கா தன் முதல் நாடகத்தை 1920 மார்ச் 22ஆம் தேதி மத்ரித்தின் எஸ்லாவா அரங்கில் எஸ்த்ரெனார் செய்தார். ஒரு கரப்பான் பூச்சி பட்டாம்பூச்சியைக் காதலிக்கும் கதை. பார்த்தவர்கள் கத்திக் கூச்சல் போட்டு ஓட்டிவிட்டார்கள். அவர் கடைசியாக எழுதி முடித்த ‘பெர்னார்தா ஆல்பாவின் வீடு’ நாடகத்துக்கோ 1945 மார்ச் 8ஆம் தேதி புவேனஸ் அயர்ஸில் எஸ்த்ரேனோ நடந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டு எட்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்போது மெக்சிகோ. 1927இல் அங்கே அதிபர் கயேஸ். அவருக்கு முன் அதிபராக இருந்த ஒப்ரெகோன் மறுபடியும் பதவிக்கு வர விரும்பினார். மறுதேர்தல் கூடாது என்பது மெக்சிகோ புரட்சியின் அடிப்படை முழக்கம். அரசியல் சட்டத்தையே திருத்தி அவருக்கு வழி செய்தார்கள். எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் தளபதி பிரான்சிஸ்கோ செர்ரானோ. ஒப்ரெகோனின் பழைய தோழர். அக்டோபர் 2ஆம் தேதி பல்புவேனா மைதானத்தில் நடக்கவிருந்த ராணுவப் பயிற்சியின்போது கயேஸையும் ஒப்ரெகோனையும் பிடித்துக் கவிழ்க்கச் செர்ரானோ தரப்பு திட்டமிட்டது என்பது அரசு சொன்ன செய்தி. அவர்கள் இருவரும் அங்கே போகவில்லை. தன் பெயர் நாளைக் கொண்டாட என்று குவர்னவாக்கா நகருக்கு வந்திருந்த செர்ரானோவும் தோழர்களும் கைது செய்யப்பட்டார்கள். அக்டோபர் 3ஆம் தேதி தலைநகருக்குக் கொண்டுபோகும் வழியில் ஊயிட்சிலாக் என்ற இடத்தில் பதினான்கு பேரையும் சாலையோரத்தில் சுட்டுக் கொன்றார்கள்.

யார் முதலில் அடிப்பது என்பதே அந்த வாரத்தின் முழுக் கணக்கு. அந்தக் கணக்குக்கு மெக்சிகோக்காரர்கள் வைத்திருந்த சொல் மத்ருகார். அப்போது மத்ரித்தில் நாடு கடந்து வாழ்ந்த எழுத்தாளர் மார்த்தின் லூயிஸ் குஸ்மான் இந்தக் கொலைகளை அடிப்படையாக வைத்து ‘தலைவனின் நிழல்’ நாவலை எழுதினார். 1929இல் அது நூலாக வந்தது. துப்பாக்கி அரசியலுக்குத் தெரிந்த ஒரே வினைச்சொல் மத்ருகார்தான் என்ற கருத்து அந்த நாவலின் வழியாக மெக்சிகோவில் நிலைத்துவிட்டது. மற்றவர் கண் விழிக்குமுன் கூட்டம் கூட்டித் தீர்மானத்தை நிறைவேற்றுவதற்கு மத்ருகேத்தே என்று அங்கே ஒரு பெயர்ச்சொல்லே வழங்குகிறது. கட்சிச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் சொல் அது. ஒப்ரெகோன் தேர்தலில் வென்றார். பதவி ஏற்குமுன் 1928 சூலை 17ஆம் தேதி ஓர் உணவகத்தில் விருந்துண்ணும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.

செர்ரானோவின் கூட்டத்தில் குவர்னவாக்காவிலிருந்து தப்பி உயிர் பிழைத்தவர் ஒருவர் உண்டு. பெயர் பிரான்சிஸ்கோ ஜே. சாந்தமரியா. தபாஸ்கோ மாநிலத்துக்காரர், பிற்பாடு அந்த மாநிலத்துக்கே ஆளுநரானார். தான் தப்பிய கதையை ஒரு புத்தகமாகவும் எழுதினார். ஆனால் ஸ்பானியம் படிப்பவர்கள் அவரை அறிவது வேறு காரணத்துக்காக. 1942இல் அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியச் சொற்களுக்கும், 1959இல் மெக்சிகோவுக்கே உரிய சொற்களுக்கும் பேரகராதிகள் தொகுத்தவர் அவர். மத்ருகார் என்ற வினையின் துப்பாக்கி முனையிலிருந்து தப்பியவர் அகராதி எழுதப் போனார் என்று ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்திருந்தால், இது கொஞ்சம் அதிகம் என்று பதிப்பாசிரியர் வெட்டியிருப்பார்.

குஸ்மானின் நாவலை இயக்குநர் ஹூலியோ பிராச்சோ 1960இல் படமாக எடுத்தார். ராணுவத்துக்குப் பிடிக்கவில்லை என்பதால் படம் முடக்கப்பட்டது. பிராச்சோ 1978இல் இறந்துபோனார். கள்ளப் பிரதிகளில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடிக்கொண்டிருந்த அந்தப் படத்துக்கு மெக்சிகோவில் எஸ்த்ரேனோ நடந்தது 1990இல். மெக்சிகோ சினிமாப் பட்டியல்களில் அதன் பெயருக்கு எதிரே தயாரிப்பு ஆண்டு என்றும் எஸ்த்ரேனோ ஆண்டு என்றும் முப்பது வருட இடைவெளியில் இரண்டு எண்கள் நிற்கின்றன.